சந்தை நாளில் தொடங்கும் வாரச் சமையல் திட்டம்: பட்டியலோடு ஒரு முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு என்ன சமைப்பது என்று எழுதிவைக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் செய்வது, ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போடுவது. கட்டத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததை எழுதுவார்கள். அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். வியாழக்கிழமை பார்த்தால் கீரை வாடியிருக்கும், கட்டத்தில் அது சனிக்கிழமைதான் வரும். அத்தோடு தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே நின்றுவிடும்.

வரிசை தலைகீழாக இருப்பதுதான் இதற்குக் காரணம். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது, அடுத்து எந்த வேளைக்கு எத்தனை பேர், அதற்குப் பிறகு எந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டின் பெயர் நான்காவதாக வரட்டும். பட்டியல் எல்லாவற்றுக்கும் கடைசி.

இதைக் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போட்டுக்கொடுத்த திட்டத்தை வைத்தே சொல்கிறேன். வீட்டில் ஐந்து பேர். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். மனைவி வீட்டிலேயே தையல் போடுகிறார். அவருடைய மாமியார், ஒன்பதாவது படிக்கும் பெண், அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கும் பையன். பிரிட்ஜ் இருக்கிறது, சின்னது.

முன்கூட்டி வேண்டியவை அதிகமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா, வீட்டில் அரிசி அளக்கும் அதே டம்ளர், நாலைந்து பழைய வேட்டித் துண்டு. போனில் எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் சமைக்கிறவர் ஒருவர், சந்தைக்குப் போகிறவர் இன்னொருவர் என்றால் நோட்டுதான் வசதி. மாமியாரும் அதைப் புரட்டிப் பார்க்க முடியும்.

1. வாரத்தைச் சந்தை நாளில் தொடங்குங்கள்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுனுக்குள் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை தினமும் காலையில் உண்டு, அவர்கள் வாரத்தில் ஒரு நாளைத் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வாரம் அந்த நாளில் வாங்கி வந்த வேளையில் தொடங்கி, அடுத்த சந்தைக்கு முந்தின வேளையில் முடியும்.

இந்த வீட்டில் செவ்வாய் மதியத்துக்கு மேல் சந்தைக்குப் போகிறார்கள். ஆகவே வாரத்தின் முதல் சாப்பாடு செவ்வாய் இரவு, கடைசிச் சாப்பாடு அடுத்த செவ்வாய் மதியம். நோட்டில் கட்டம் போடும்போது இந்த வரிசையிலேயே போடுங்கள். திங்களில் தொடங்கினால் காய் தீர்ந்துபோகும் நாள் தாளின் மேலேயும், காய் நிறைந்திருக்கும் நாள் அதன் கீழேயும் வந்துவிடும். எது முதலில் தீர வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியாது.

2. சந்தைக்கு முந்தின இரவு, இருப்பைப் பாருங்கள்

டப்பாக்களைத் திறந்து பார்க்க வேண்டும். "பருப்பு இருக்கு" என்று நினைவிலிருந்து சொல்வது இருப்புப் பார்ப்பது ஆகாது. எத்தனை டம்ளர் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் இரண்டு பருப்புப் பாக்கெட் பிரிந்த நிலையில் கிடப்பது இதனால்தான். இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரியும், எவ்வளவு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். எது முதலில் தீர வேண்டுமோ அதை மட்டும் நோட்டின் மேல் ஓரத்தில் எழுதுங்கள். இந்த வீட்டில் அன்று எழுதியது: கொள்ளு அரை கிலோ (வாங்கி ரொம்ப நாளாகிறது), உருளைக்கிழங்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், காய்ந்த மொச்சை இரண்டு டம்ளர், சேமியா ஒரு பாக்கெட். இந்த நான்கும் வாரத்தில் எங்காவது ஒரு வேளையில் இடம்பிடித்தே ஆக வேண்டும். அதே நேரம் இவை சந்தைப் பட்டியலில் வரக்கூடாது. உருளைக்கிழங்கில் பச்சை பாரித்தது இருந்தால் அப்போதே எடுத்துப் போட்டுவிட்டு மீதியை எடை போடுங்கள்.

3. தட்டுகளை எண்ணுங்கள்

புதியவர்கள் அநேகமாகத் தாண்டிப் போகும் படி இது. சோறு மிஞ்சுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஐந்து பேர், மூன்று வேளை, ஏழு நாள் என்றால் வாரத்துக்கு 105 தட்டு. ஆனால் நிஜமாக வீட்டில் எத்தனை தட்டு? கணவர் திங்கள் முதல் சனி வரை காலையும் மதியமும் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறார். பையனுக்குப் பள்ளி நாட்களில் காலை உணவுத் திட்டத்தில் டிபன், மதியம் சத்துணவு. ஆக, பள்ளி நாளில் காலைக்கும் மதியத்துக்கும் மூன்று தட்டுதான். சனிக்கிழமை நான்கு. ஞாயிறு ஐந்து. இரவு எல்லா நாளும் ஐந்து.

கூட்டினால் காலை 24, மதியம் 24, இரவு 35, மொத்தம் 83 தட்டு. அதாவது 22 தட்டுக்கு வீட்டில் ஆளே இல்லை. மாமியாருக்குக் கை அளவு ஐந்து பேருக்குப் பழகியிருந்ததால் புதன்கிழமை மதியத்துக்கும் ஐந்து பேருக்கே அரிசி போட்டுக்கொண்டிருந்தார். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக மறுநாள் காலை சாப்பிடலாம், அதில் குறையில்லை. ஆனால் தினமும் பழைய சோறு இருந்தால் அரைத்த இட்லி மாவு தீராது. ஒன்று மிஞ்சுவதால் இன்னொன்று புளித்துக் கெடுகிறது.

ஷிப்ட் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். பள்ளி விடுமுறையிலும் அப்படியே. அமாவாசை, கிருத்திகை, கல்யாண விருந்து, ஊரில் திருவிழா எல்லாவற்றையும் காலண்டரைப் பார்த்து இந்தப் படியிலேயே குறித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை என்றால் முட்டைக்கு அன்று இடமில்லை. சாப்பாட்டின் பெயர் எழுதிய பிறகு இது நினைவுக்கு வந்தால் பாதித் திட்டம் அடிபடும்.

4. காய்களை வாடும் வரிசையில் அடுக்குங்கள்

இனிதான் சமையல் வருகிறது. அதற்கும் முன்னால் காய்களை மூன்று கும்பலாக மனதுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கும்பல், இரண்டு நாளுக்குள் தீர வேண்டியவை: எல்லாக் கீரையும், கொத்தமல்லி, நறுக்கி விற்கும் பூசணித் துண்டு. இரண்டாவது, மூன்று நான்கு நாள் தாங்குபவை: வெண்டைக்காய், கத்திரிக்காய், அவரைக்காய், பீன்ஸ், முருங்கைக்காய், வாழைக்காய். மூன்றாவது, வாரம் முழுக்க நிற்பவை: முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உருளை, சேப்பங்கிழங்கு, வெட்டாத சுரைக்காய்.

முதல் கும்பல் சந்தை நாள் இரவும் மறுநாளும். இரண்டாவது கும்பல் புதன் முதல் வெள்ளி வரை. மூன்றாவது கும்பல் சனிக்கிழமை முதல். வாரத்தின் கடைசி வேளைக்குக் காயே வேண்டாம், பயறு வகையில் ஏதாவது ஒன்று போதும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் "இன்னைக்கு என்ன சமைக்கிறது" என்ற கேள்வியில் பாதிக்கு விடை வந்துவிடும்.

அந்த வீட்டில் வந்த வாரம் இது.

செவ்வாய் இரவு: களி, அரைக்கீரைக் கடைசல்.

புதன்: காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. இரவு ரசம், முருங்கைக்கீரைப் பொரியல்.

வியாழன்: காலை இட்லி, தக்காளிச் சட்னி. மதியம் கத்திரிக்காய் சாம்பார். இரவு அதே சாம்பாரோடு தோசை.

வெள்ளி: காலை தோசை, பொடி. மதியம் எலுமிச்சை சாதம், அவரைக்காய்ப் பொரியல். இரவு களி, கொள்ளுக் கடைசல்.

சனி: காலை ரவை உப்புமா, பெரியவர்களுக்கு மீந்த களியை மோரில் கரைத்த கூழ். மதியம் ரசம், பீட்ரூட் பொரியல். இரவு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா.

ஞாயிறு: காலை அவல் உப்புமா. மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு, சோறு. இரவு அதே குழம்பு, களி.

திங்கள்: காலை சேமியா. மதியம் ரசம், முட்டைக்கோஸ் பொரியல். இரவு காலி.

செவ்வாய்: காலை வெங்காயம் போட்ட கேழ்வரகு அடை. மதியம் மொச்சைக்கொட்டைக் குழம்பு.

சில விஷயங்களைக் கவனியுங்கள். இருப்பில் எழுதிய கொள்ளு வெள்ளி இரவிலும், உருளை சனி இரவிலும், சேமியா திங்கள் காலையிலும், மொச்சை கடைசி வேளையிலும் உட்கார்ந்துவிட்டன. பெண் டப்பாவில் எடுத்துப்போகும் மதியச் சாப்பாடு எல்லாம் பிசைந்து கொண்டுபோகக் கூடியதாக இருக்கிறது. ரசம் வரும் திங்கள் மட்டும் அவளுக்குக் கோஸ் பொரியலோடு தயிர்சாதம். களி டப்பாவுக்கு ஆகாது, ஆறினால் இறுகிவிடும். அதனால்தான் அது இரவில் மட்டும் வருகிறது.

திங்கள் இரவைக் காலியாக விட்டது மறதியால் இல்லை. ஒரு நாள் உறவுக்காரர் வந்துவிடுவார், ஒரு நாள் கரண்ட் போய் மாவு அரைக்க முடியாது, ஒரு நாள் யாருக்கும் பசி இருக்காது. அப்படித் தள்ளிப்போன ஒரு வேளை போய் உட்கார ஒரு காலி இடம் வேண்டும். எதுவும் தள்ளிப்போகவில்லை என்றால் அன்று மீந்த காயை எல்லாம் போட்டு ஒரு கதம்பச் சாம்பார் வைத்துவிடலாம். ஏழு நாளையும் இறுக்கி நிரப்பிய திட்டம் முதல் விருந்தாளியோடு உடைந்துபோவதைப் பல வீட்டில் பார்த்தாயிற்று.

இன்னொரு தவறு, ஒவ்வொரு வேளைக்கும் புதிது புதிதாக எழுதுவது. மேலே வியாழன் சாம்பாரும் ஞாயிறு கோழிக்குழம்பும் இரண்டு வேளைக்கு வருகின்றன. ஒருமுறை கொதிக்கவைத்து இரண்டு வேளை நடத்துவதுதான் வேலையைக் குறைக்கும். அதற்காக மூன்றாவது வேளைக்கும் இழுக்காதீர்கள். குறிப்பாகக் கறிக்குழம்பை மதியம் சாப்பிட்டதும் ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு, இரவுக்கு நன்றாகக் கொதிக்கவைத்து அன்றே முடித்துவிடுங்கள்.

5. அளவுக் கணக்கு: தக்காளியில் தொடங்குங்கள்

எல்லாப் பொருளுக்கும் கணக்குப் போட ஆரம்பித்தால் முதல் வாரமே சலித்துவிடும். வீணாவதில் முன்னணியில் இருக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள். நம் பக்கம் அது தக்காளிதான். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் விளைச்சல் கூடும்போது விலை சரிந்துவிடும். சந்தையில் மலிவாக இருக்கிறதே என்று ஐந்து கிலோ அள்ளிக்கொண்டு வருகிறோம்.

திட்டத்தைப் பார்த்து எண்ணுங்கள். ரசம் மூன்று முறை, முறைக்கு 2 தக்காளி, ஆக 6. சட்னிக்கு 5. சாம்பாருக்கு 3. கீரைக் கடைசலுக்கு 2, கொள்ளுக்கு 2, குருமாவுக்கு 2. கோழிக்கு 3, மொச்சைக்கு 3. மொத்தம் 26. நடுத்தர அளவுத் தக்காளி கிலோவுக்கு ஏறக்குறைய 15 நிற்கும். அப்படியானால் வாரத் தேவை ஒன்றேமுக்கால் கிலோ. இரண்டு கிலோ வாங்கினால் தாராளம். ஐந்து கிலோவில் மீதி மூன்றை என்ன செய்வது என்று யோசிக்கவே ஒரு நாள் போகும். தொக்கு போடுகிற எண்ணம் உண்மையாகவே இருந்தால் அதையும் ஒரு வேலையாகத் திட்டத்தில் நாள் குறித்து எழுதிவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பாதி பழுத்தது, பாதி செங்காய் என்று கேளுங்கள். பழுத்தது வெள்ளி வரைக்கும் வரும், அதற்குள் செங்காய் பழுத்து ஞாயிறு கோழிக்கும் செவ்வாய் மொச்சைக்கும் தயாராகிவிடும். எல்லாமே பழுத்ததாக வாங்கினால் ஒன்று அழுகிய இடத்தில் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும்.

காய்க்கு ஒரு எளிய கணக்கு போதும்: பொரியலுக்குத் தலைக்கு 80 முதல் 100 கிராம், குழம்பில் போடுவதற்கு அதில் பாதிக்குச் சற்று மேல். மூன்று தட்டு மதியத்துக்குக் கால் கிலோ வெண்டைக்காய் தாராளமாகப் போதும். "அரைக் கிலோவா போட்டுடட்டுமா" என்று கடைக்காரர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தைரியம் தருவது இந்தக் கணக்குதான்.

இட்லி மாவுக்கும் ஒரு முறை கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். இரண்டு காலைக்கு மூன்று பேருக்குத் தலைக்கு 4 இட்லி, வியாழன் இரவு ஐந்து பேருக்குத் தலைக்கு 3 தோசை, வெள்ளிக் காலை மூன்று பேருக்குத் தோசை. இதோடு மூன்று கிலோவும் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை புளித்த மாவைச் சமாளிக்க வேண்டிய வேலை இல்லை. முன்பு இந்த வீட்டில் ஒன்றரைக் கிலோ அரிசி போட்டார்கள், கடைசி நாள் மாவு கிண்ணத்தோடு மாட்டுத் தொட்டிக்குப் போனது.

6. பட்டியலை மூன்றாக எழுதுங்கள்

ஒரே பட்டியலில் உளுந்தும் கீரையும் கோழியும் கலந்து கிடந்தால் சந்தையில் நின்றுகொண்டு தேட வேண்டியிருக்கும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

முதலாவது மாதப் பட்டியல்: ரேஷன் கடையும் மளிகைக் கடையும். ரேஷனில் வரும் அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரையை வாங்கிய பிறகே மளிகைப் பட்டியலை எழுதுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுப்பதை 2023-ல் தொடங்கினார்கள். உங்கள் கடையில் இருப்பு இருந்தால் களிக்கு அது உதவும். கேழ்வரகை மாதத்துக்கு வேண்டியதை அரைத்துக்கொள்ளலாம். கம்பை அப்படிச் செய்யாதீர்கள், அரைத்த மாவு சீக்கிரம் கசந்துவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

இரண்டாவது சந்தைப் பட்டியல். இதைச் சந்தையில் நீங்கள் நடக்கும் வரிசையில் எழுதுங்கள், ஆனால் கனமானது முதலில், கீரை கடைசியில். பையில் கீரை மேலே உட்கார வேண்டும், வெயிலிலும் அது குறைந்த நேரமே இருக்க வேண்டும். அந்த வீட்டின் பட்டியல்:

பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, முட்டைக்கோஸ் சின்னதாக ஒன்று, பீட்ரூட் 400 கிராம், தேங்காய் 2, தக்காளி 2 கிலோ (பாதி செங்காய்), அவரைக்காய் கால் கிலோவுக்குச் சற்று மேல், கத்திரிக்காய் கால் கிலோ, வெண்டைக்காய் கால் கிலோ, எலுமிச்சை 4, பச்சை மிளகாய் 100 கிராம், இஞ்சி, கொத்தமல்லி ஒரு கட்டு, அரைக்கீரை 2 கட்டு.

முருங்கைக்கீரை இதில் இல்லை. பக்கத்து வீட்டு மரம் இருக்கிறது. உருளையும் இல்லை, வீட்டில் இருக்கிறது.

மூன்றாவது, அன்றன்று வாங்குவது: பால், தயிர், ஞாயிறு கோழி. இதைப் பட்டியலில் எழுதவே வேண்டாம், திட்டத்தில் அந்த நாளுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தால் போதும்.

சந்தைப் பட்டியலில் ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் "இல்லையென்றால்" என்று ஒரு மாற்றை எழுதுங்கள். மாற்று அதே கும்பலிலிருந்து வர வேண்டும். வெண்டை முற்றலாக இருந்தால் முருங்கைக்காய். அவரை விலை ஏறியிருந்தால் பீன்ஸ். வெண்டைக்குப் பதில் கீரை என்று எடுத்தால் முதல் இரண்டு நாளில் கீரை மூன்று வேளைக்கு வந்துவிடும். காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதும் நகத்தால் கீறிப் பார்ப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே, அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சந்தையில் கூறு கட்டி வைத்துவிட்டு விலையைக் குறைப்பார்கள். அங்கேதான் திட்டம் போட்டவர்களும் சறுக்குகிறார்கள். ஒரு கூறு கத்திரிக்காய் ஒரு கிலோவுக்கு மேல் வரும், உங்களுக்கு வேண்டியது கால் கிலோ. அக்கம்பக்கத்தில் பிரித்துக்கொள்ள ஆள் இருந்தால் வாங்குங்கள். "எடுத்துக்கம்மா, கடைசிக் கூறு" என்பது எல்லாக் கடைக்கும் எல்லா வாரமும் கடைசிக் கூறுதான்.

7. வந்ததும் அரை மணி நேரம்

பையை அப்படியே பிரிட்ஜில் திணித்தால் இவ்வளவு கணக்கும் வீண். பாலித்தீன் பைக்குள் ஈரம் தங்கி, இரண்டாவது நாளே கீரை வழவழப்பாகிவிடும்.

கீரையை முதலில் எடுங்கள். ஒரு கட்டு அன்றிரவு கடைசலுக்குப் போகிறது. இன்னொன்றும் அதே கடைசலுக்குத்தான் என்றால் இப்போதே ஆய்ந்துவிடலாம். மறுநாளுக்கு என்றால் கழுவாமல், வேரை மட்டும் நறுக்கிவிட்டு, வேட்டித் துண்டில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கழுவுவது சமைக்கும் முன்புதான்.

கொத்தமல்லிக்கும் இதே வேட்டித் துண்டு. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு டப்பாவில் போடுங்கள், காம்பிலிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கிறது. வெண்டைக்காயில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. தக்காளியைப் பிரிட்ஜுக்கு வெளியே, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஒரு தட்டில் பரப்புங்கள். செங்காய் பிரிட்ஜுக்குள் போனால் ஒழுங்காகப் பழுக்காது. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் உருளை சீக்கிரம் முளைவிடும்.

எல்லாக் காயையும் வந்த அன்றே நறுக்கி டப்பாவில் அடைத்துவிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நறுக்கிய முட்டைக்கோஸ் திங்கள் வரை நிற்காது, முழுசாக இருந்தால் நிற்கும். முன்கூட்டி நறுக்குவது மறுநாள் காய்க்கு மட்டும் போதும்.

பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் இரண்டாவது கும்பலைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தெருவில் வரும் காய்வண்டியில் மறுபாதியை வாங்கிக்கொள்ளுங்கள். மாவையும் இரண்டு தடவையாக அரைக்க வேண்டியிருக்கும்.

8. "இன்றிரவு வேலை" என்று ஒரு ஓரம்

திட்டத்தில் சாப்பாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய் மதியம் மொச்சைக் குழம்பு என்று எழுதியிருக்கும். காலை பத்து மணிக்கு அதைப் பார்க்கும்போதுதான் மொச்சையை ஊறவைக்கவில்லை என்பது ஞாபகம் வரும். அப்புறம் அவசரத்துக்குக் கடையில் தக்காளிசாதம் வாங்குவார்கள், மொச்சை டப்பாவிலேயே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளுக்கும் வலது ஓரத்தில் அன்று செய்துவைக்க வேண்டியதை எழுதுங்கள். செவ்வாய்க் காலை: அரிசி, உளுந்து ஊற. செவ்வாய் மதியம்: மாவு அரைக்க. அப்போதுதான் இரவில் பொங்கி, புதன் காலை இட்லி வரும். வெள்ளிக் காலை: கொள்ளு ஊற. திங்கள் இரவு: மொச்சை ஊற. குளிர்காலத்தில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், மாவு பொங்க அதிக நேரம் பிடிக்கும். அங்கே அரைப்பதைச் சற்று முன்னால் தள்ளி, புதன் காலைக்கு உப்புமாவை எழுதி, இட்லியை வியாழனுக்கு மாற்றுவதும் நடக்கும்.

நாளுக்கு ஒரு முறை இந்த ஓரத்தைப் பார்க்க ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் ஒதுங்கவைத்ததும் பார்க்கிறார்கள். பார்ப்பது மாமியாருடைய வேலை. மருமகள் தையல் மிஷினில் இருந்தாலும், "மொச்சை போட்டாச்சாம்மா?" என்று குரல் வந்துவிடும்.

9. திங்கள் இரவு, மீந்ததை எழுதுங்கள்

அடுத்த இருப்புப் பார்க்கும் நேரத்திலேயே இதையும் செய்துவிடலாம். தூக்கிப் போட்டது எது, ஏன் என்று ஒரே ஒரு வரி. "கொத்தமல்லி பாதிக் கட்டு, வாடியது." "சோறு, புதன் மதியம்." அவ்வளவுதான்.

மீந்ததை வைத்து ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அந்த வீட்டில் முதல் வாரம் கொத்தமல்லிதான் மீந்தது. ஒரு கட்டுக்குக் குறைத்து யாரும் விற்பதில்லை, அளவைக் குறைக்க வழியில்லை. ஆகவே சமையல் பக்கம் மாற்றினார்கள்: புதன் காலைத் தேங்காய்ச் சட்னியில் அரைக் கட்டு கொத்தமல்லியைச் சேர்த்து அரைத்துவிட்டார்கள். வெண்டைக்காய் மீந்திருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம். கீரை மீந்திருந்தால் நாளை முன்னால் இழுத்திருக்கலாம். அளவு, நாள், சமையல், இந்த மூன்றில் எதை மாற்றினால் சரியாகும் என்று பார்த்து அதை மட்டும் தொடுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அடுத்த வாரம் கும்பலை வைத்துக்கொண்டு காயின் பெயரை மட்டும் மாற்றலாம்: அரைக்கீரை இருந்த இடத்தில் சிறுகீரை, கத்திரி இருந்த இடத்தில் முருங்கைக்காய், பீட்ரூட் இருந்த இடத்தில் கேரட். இப்படி மூன்று நான்கு பக்கம் சேர்ந்துவிட்டால் அவற்றையே சுற்றிச் சுற்றி வரலாம். மாம்பழப் பருவத்தில் மட்டும் இரவுச் சோற்றின் அளவைக் குறைத்து எழுதுங்கள். கூடை மாம்பழம் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் சோற்றைத் தொடுவதில்லை.